முத்திரையில் என்ன எழுதியிருக்கிறது?

கனடாவில் குடியேற விண்ணப்பிக்கும் தமிழ்நாட்டுக்காரர் ஒருவர் 1984-ல் பிறந்தவர் என்று வைத்துக்கொள்வோம். அவர் கையில் இருப்பது அந்தக் காலத்தில் பேரூராட்சி அலுவலகத்தில் கையால் எழுதித் தந்த பிறப்புச் சான்றிதழ். பெயர், தேதி, பெற்றோர் பெயர் எல்லாம் தெளிவாகத்தான் இருக்கின்றன. மொழிபெயர்ப்பாளரின் பொறுமையைச் சோதிப்பது தாளின் அடிப்பகுதி. பாதி மட்டும் பதிந்த ஊதா நிற வட்ட முத்திரை, அதன்மேல் ஒரு கையெழுத்து, பக்கத்தில் பதவியைச் சொல்லும் நீள்சதுர முத்திரை, ஓரத்தில் யாரோ பேனாவால் குறித்த எண்.

இவற்றை விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் மொழிபெயர்த்து அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். கனடாவின் குடிவரவுத் துறை இதை ஏற்பதில்லை. ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ இல்லாத முத்திரைகளையும் மொழிபெயர்க்கச் சொல்கிறது. கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. அந்த வட்டத்துக்குள் இருப்பது வழங்கிய அலுவலகத்தின் பெயரா, ‘ரத்து செய்யப்பட்டது’ என்ற குறிப்பா என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்?

அதனால் அனுபவமுள்ள மொழிபெயர்ப்பாளர் மூலத்தில் குறி எந்த இடத்தில் இருக்கிறதோ அதே இடத்தில், சதுர அடைப்புக்குள், ஆங்கிலத்தில் இப்படி எழுதுவார்:

[வட்ட முத்திரை, ஊதா மை: “…பட்டி பேரூராட்சி”, முதல் எழுத்துகள் தெளிவில்லை]
[நீள்சதுர முத்திரை: “பிறப்பு இறப்புப் பதிவாளர்”]
[கையெழுத்து: படிக்க இயலவில்லை]

ஊர்ப் பெயர்தான் மேலே தெளிவாக இருக்கிறதே, அதைப் பார்த்து முத்திரையை நிரப்பினால் என்ன என்று தோன்றும். நிரப்பக் கூடாது. முத்திரை வேறு அலுவலகத்துடையதாகவும் இருக்கலாம். படிக்க முடிந்ததை மட்டும் எழுதுவதுதான் மொழிபெயர்ப்பாளரின் வேலை. குழந்தையின் பெயர்க் கட்டத்துக்கும் இதுதான் விதி. பெயர் சூட்டுவதற்கு முன்பே பிறப்பைப் பதிந்துவிட்டதால், பழைய சான்றிதழ்கள் பலவற்றில் அந்தக் கட்டம் காலியாக இருக்கும். மொழிபெயர்ப்பிலும் ‘காலி’ என்றுதான் வரும். பெயர் வேண்டுமானால் பதிவாளர் அலுவலகத்தில் பெயரைச் சேர்த்துப் புதுச் சான்றிதழ் வாங்கிய பிறகே மொழிபெயர்ப்புக்குக் கொடுக்க வேண்டும்.

பாதிச் சிக்கலுக்கு ஸ்கேனே காரணம். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் ஊதா முத்திரையும் அதன்மேல் இருக்கும் கையெழுத்தும் ஒரே கறையாகிவிடும். வண்ணத்தில், 300 டிபிஐ அளவில், தாளின் நான்கு ஓரமும் தெரியும்படி எடுங்கள். பின்பக்கத்தையும் மறக்க வேண்டாம்; அங்கே ஒரு சிறிய முத்திரை இருந்தாலும் அதுவும் ஆவணத்தின் பகுதிதான்.

பெயர் எழுத்துகளில் வேறொரு தொல்லை. தந்தை பெயர் ‘கோவிந்தன்’. தமிழில் ‘க’ ஒன்றுதான். ஆங்கிலத்தில் அது ‘ஜி’ எழுத்திலும் தொடங்கலாம், ‘கே’ எழுத்திலும் தொடங்கலாம். பாஸ்போர்ட் நகலைக் கேட்டு வாங்கி அதிலுள்ள எழுத்துக்கூட்டலையே பயன்படுத்துவது நல்ல வழக்கம். ஆனால் சான்றிதழில் ‘சண்முகம்’ என்றும் பாஸ்போர்ட்டில் ‘சண்முகசுந்தரம்’ என்றும் இருந்தால், அது எழுத்துக்கூட்டல் விஷயம் இல்லை. மொழிபெயர்ப்பாளர் அதைத் திருத்த முடியாது; பதிவாளரிடம்தான் திருத்திவர வேண்டும்.

யார் மொழிபெயர்க்கலாம்? ஆங்கிலப் பேராசிரியராகவே இருந்தாலும் உங்கள் அண்ணன் மொழிபெயர்த்ததைக் கனடா ஏற்காது. விண்ணப்பதாரரோ குடும்பத்தாரோ செய்யக் கூடாது. சான்று பெற்ற மொழிபெயர்ப்பாளர் கிடைக்காவிட்டால், மொழிபெயர்த்தவர் நோட்டரி முன்னிலையில் பிரமாணப் பத்திரம் கொடுக்க வேண்டும். இங்கே ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது: நோட்டரி முத்திரை விழுந்தாலே மொழிபெயர்ப்பு சரி என்று ஆகிவிடும் என்பது. நோட்டரிக்குத் தமிழ் தெரிய வேண்டிய அவசியம்கூட இல்லை. பிரமாணம் செய்தவர் யார் என்பதைத்தான் அவர் உறுதிப்படுத்துகிறார். அமெரிக்கக் குடிவரவுத் துறையோ நோட்டரியே கேட்பதில்லை. மொழிபெயர்ப்பு முழுமையானது, சரியானது, இரு மொழியிலும் தனக்குத் தகுதி உண்டு என்று மொழிபெயர்த்தவர் எழுதிக் கையெழுத்திட்டால் போதும்.

தமிழ்நாட்டில் இப்போது இணையத்தில் கிடைக்கும் பிறப்புச் சான்றிதழ் தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்தே வருகிறது. பழைய பதிவும் கணினியில் ஏறியிருந்தால், கையெழுத்துப் பிரதியோடு மல்லுக்கட்டுவதைவிட அதை வாங்குவது மேல். திருமணச் சான்றிதழானால் புகைப்படத்தின் மேல் பாதியும் தாளின் மேல் பாதியுமாக முத்திரை விழுந்திருக்கும். அதையும் அப்படியே அடைப்புக்குள் விவரிக்க வேண்டும்.

சில நாடுகள் அபோஸ்டில் எனும் அத்தாட்சியும் கேட்கும். இதற்கான உடன்படிக்கை இந்தியாவில் 2005-ல் நடைமுறைக்கு வந்தது. இங்கே வெளியுறவு அமைச்சகம் வழங்குகிறது. ஸ்பெயின், இத்தாலி போன்ற நாடுகளுக்கென்றால், முதலில் அபோஸ்டில் வாங்கிவிட்டு, அதன் பிறகு ஸ்கேன் எடுத்து மொழிபெயர்ப்புக்குக் கொடுப்பதே பெரும்பாலும் பாதுகாப்பு. வரிசை மாறினால், சான்றிதழில் இருக்கும் அபோஸ்டில் மொழிபெயர்ப்பில் இருக்காது. இன்னொரு முறை கட்டணம் கட்டி முழுத் தாளையும் மொழிபெயர்க்க நேரும்.