முதல் நாள் இரவின் அறிக்கை

2017 ஏப்ரல் 9, ஞாயிற்றுக்கிழமை மாலை. அமெரிக்காவின் சிகாகோ ஓஹேர் விமான நிலையத்தில் லூயிவில் நகருக்குப் புறப்படவேண்டிய யுனைடெட் ஏர்லைன்ஸ் 3411 விமானத்தில் பயணிகள் எல்லாரும் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். அதன் பிறகு விமான ஊழியர்கள் நான்கு பேர் அதே விமானத்தில் போயாக வேண்டும் என்ற நிலை வந்தது. லூயிவில்லிலிருந்து கிளம்பும் வேறொரு விமானத்தில் அவர்களுக்குப் பணி இருந்தது. இடம் விட்டுக்கொடுப்பவர்களுக்கு 800 டாலர் வரை தருவதாகச் சொல்லியும் யாரும் முன்வரவில்லை. நிறுவனமே நான்கு பேரைத் தேர்ந்தெடுத்தது. அவர்களில் ஒருவர் மருத்துவர். காலையில் நோயாளிகளைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அவர் இறங்க மறுத்தார். விமான நிலையப் பாதுகாவலர்கள் வரவழைக்கப்பட்டார்கள். அவரை இருக்கையிலிருந்து பிடுங்கி, நடைபாதை வழியே தரதரவென்று இழுத்துச் சென்றார்கள். முகத்தில் ரத்தம் வழிந்தது. அக்கம்பக்கத்தில் இருந்தவர்கள் கைபேசியில் படமெடுத்தார்கள். மறுநாளுக்குள் உலகமே அதைப் பார்த்துவிட்டது.

ஒரு நிறுவனம் பொதுமக்களின் புகாருக்குப் பத்திரிகை அறிக்கை மூலம் பதில் சொல்லும்போது என்னென்ன தவறும் என்பதை இந்த ஒரு சம்பவத்திலேயே படித்துவிடலாம். காரணம், இரண்டே நாளில் யுனைடெட் நிறுவனத்திடமிருந்து நான்கு விளக்கங்கள் வந்தன. ஒன்றோடு ஒன்று ஒட்டவில்லை.

முதல் விளக்கம் செய்தித் தொடர்பாளருடையது. விமானத்தில் இருக்கைகளைவிட அதிகமாக முன்பதிவு நடந்திருந்தது, ஒரு பயணி தானாக இறங்க மறுத்ததால் காவலர்களை அழைத்தோம், அதிக முன்பதிவுக்காக வருந்துகிறோம் என்பது அதன் சாரம். இந்தச் சிறிய விளக்கத்தில் மூன்று பிழைகள். அந்த நால்வரை இறக்கியதற்குக் காரணம் அதிக முன்பதிவு அல்ல. ஊழியர்களுக்காகத்தான் இடம் தேவைப்பட்டது என்று பிறகு நிறுவனமே திருத்திக்கொண்டது. அடுத்தது, நடந்ததற்குத் தொடக்கம் பயணியின் மறுப்பு என்பதுபோல் வாக்கியம் அமைந்திருந்தது. மூன்றாவதுதான் பெரிய பிழை. ஒரு மனிதருக்கு ரத்தக்காயம் பட்டிருக்க, மன்னிப்பு முன்பதிவுக் கணக்குக்காகக் கேட்கப்பட்டது.

திங்கட்கிழமை தலைமை நிர்வாக அதிகாரி ஆஸ்கர் முனோஸ் பேசினார். இது எங்கள் எல்லாருக்கும் வேதனை தருகிறது, பயணிகளை மாற்றி அமர்த்த வேண்டியிருந்ததற்கு மன்னிப்புக் கேட்கிறேன், விரிவாக ஆராய்கிறோம், அந்தப் பயணியைத் தொடர்புகொள்கிறோம் என்றார். காயத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அன்றே ஊழியர்களுக்கு அவர் எழுதிய கடிதமும் வெளியே வந்துவிட்டது. ஊழியர்கள் விதிப்படி நடந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் நான் நிற்கிறேன், அந்தப் பயணிதான் முரட்டுத்தனமாக நடந்துகொண்டார் என்ற பொருளில் அந்தக் கடிதம் இருந்தது. செவ்வாய்க்கிழமைதான் முழு மன்னிப்பு வந்தது. யாரையும் இப்படி நடத்தக் கூடாது, முழுப் பொறுப்பையும் ஏற்கிறோம், ஏப்ரல் 30-க்குள் ஆய்வு முடிவை வெளியிடுவோம் என்றார் முனோஸ். முதல் நாள் இரவே சொல்லியிருக்கக்கூடியது இது. ஆனால் அதற்குள் மூன்று விளக்கங்களைப் படித்துவிட்டவர்கள் நான்காவதை எப்படி நம்புவார்கள்?

அந்த ஞாயிறு இரவு நிறுவனத்தின் மேசையில் உட்கார்ந்து எழுதுவதாக வைத்துக்கொள்வோம். எழுதுவதற்கு முன் ஒரு தாளில் மூன்று பத்திகள் போட்டுக்கொள்ள வேண்டும். உறுதியாகத் தெரிந்தது, இன்னும் தெரியாதது, இன்று நாம் செய்துவிட்டது. தெரிந்தது என்று எழுதும் ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது எப்படித் தெரியும் என்பதையும் குறிக்க வேண்டும்: புறப்பாட்டுப் பதிவேடா, ஊழியர் சொன்னதா, காணொளியா, காதில் விழுந்ததா. காதில் விழுந்தது மட்டும் என்றால் அது இரண்டாவது பத்திக்குப் போய்விடும். ‘அதிக முன்பதிவு’ என்ற வரி இந்தச் சோதனையில் நின்றிருக்காது. பயணிகள் பட்டியலை எடுத்து இருக்கைகளை எண்ணியிருந்தால் போதும்.

அந்த மூன்று பத்திகளிலிருந்து நான் எழுதிப்பார்த்த அறிக்கை இது:

“சிகாகோவிலிருந்து லூயிவில் செல்லும் எங்கள் 3411 விமானத்தில் இன்று மாலை அமர்ந்திருந்த பயணி ஒருவர், பாதுகாவலர்கள் அவரை வெளியேற்றியபோது காயமடைந்தார். இதற்காக அவரிடமும் அவருடைய குடும்பத்தாரிடமும் மன்னிப்புக் கேட்கிறோம். இதைக் கண்முன்னே பார்க்க நேர்ந்த மற்றப் பயணிகளிடமும் மன்னிப்புக் கேட்கிறோம்.

எங்கள் ஊழியர்கள் நான்கு பேருக்கு இடம் தேவைப்பட்டது. அதனால், ஏறி அமர்ந்துவிட்ட பயணிகளில் நான்கு பேரை இறங்கும்படி கேட்டோம். தன்னால் இறங்க முடியாது என்று ஒருவர் தெரிவித்த பிறகு, எங்கள் தரப்பில் விமான நிலையப் பாதுகாவலர்களை அழைத்தோம்.

அவருக்கு ஏற்பட்ட காயங்களின் முழு விவரம் இந்த நேரம்வரை எங்களுக்குத் தெரியாது. அவருடன் பேச முயன்றுவருகிறோம். அமர்ந்துவிட்ட பயணிகளை இறக்கியதும் பாதுகாவலர்களை அழைத்ததும் சரிதானா என்பதை ஆராய்கிறோம். ஆய்வின் முடிவை ஏப்ரல் 30-க்குள் வெளியிடுவோம். நாளை மாலை 5 மணிக்கு அடுத்த தகவல் தருவோம்.”

இதில் யார் மீதும் பழி இல்லை. ஆனால் யார் என்ன செய்தார்கள் என்பது மறைக்கப்படவும் இல்லை. பழி போடாமல் எழுதுவது என்றால் செய்தவரை வாக்கியத்திலிருந்து தூக்கிவிடுவது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். “விரும்பத்தகாத சம்பவம் நடைபெற்றது”, “பயணி வெளியேற்றப்பட்டார்” என்று எழுதினால் படிப்பவருக்கு எதையோ ஒளிக்கிறார்கள் என்றுதான் தோன்றும். ‘அழைத்தோம்’ என்று தன் செயலைத் தானே சொல்லிவிடுவது நேர்மையானது. அது யாரையும் குற்றவாளியாக்குவதும் இல்லை. பயணியைப் பற்றி எழுதும்போதும் அவர் செய்ததைச் சொல்லலாம். அவர் எப்படிப்பட்டவர் என்று சொல்லக் கூடாது. “இறங்க முடியாது என்றார்” என்பது நிகழ்வு. “முரண்டு பிடித்தார்” என்பது தீர்ப்பு.

இதே கட்டுப்பாடு மற்றத் தரப்புகளைப் பற்றி எழுதும்போதும் வேண்டும். இழுத்துச் சென்றவர்கள் சிகாகோ நகர விமானத் துறையின் பாதுகாவலர்கள், யுனைடெட்டின் ஆட்கள் அல்லர். அதைச் சொல்லி நழுவிவிட ஆசை வரும். நகரத் துறையும் திங்களன்று ஓர் அறிக்கை வெளியிட்டது. நடந்தது எங்கள் நடைமுறைக்கு ஒவ்வாதது, அந்தப் பாதுகாவலரின் செயலை ஏற்கவில்லை, அவரை விடுப்பில் அனுப்பியிருக்கிறோம், முழுமையாக ஆராய்வோம் என்றது. விடுப்பில் அனுப்பியது நடந்துமுடிந்த செயல், யாரும் சரிபார்க்கலாம். அது நல்ல வரி. ஆனால் ஆய்வு தொடங்கும் முன்பே கீழ்நிலை ஊழியர் ஒருவரைத் தவறியவராகச் சொல்லிவிட்டு, ஆராய்கிறோம் என்றும் சொன்னால், இனி ஆராய என்ன மிச்சம்? அவருக்கு என்ன பயிற்சி தரப்பட்டது, யார் உத்தரவிட்டார்கள் என்ற கேள்விகள் அந்த ஒற்றை ஆளுக்குப் பின்னால் மறைந்துபோகும் ஆபத்து உண்டு.

மன்னிப்பு என்றதும் வழக்கறிஞர்கள் கையைப் பிடிப்பார்கள். நாளைக்கு நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பார்கள். அந்த அச்சத்தை அலட்சியப்படுத்த முடியாது. ஆனால் காயத்துக்காக வருந்துவதும், சட்டப்படி தவறிழைத்தோம் என்று அறிவிப்பதும் வேறு வேறு. இங்கிலாந்தில் 2006-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டம், மன்னிப்புக் கேட்டது ஒன்றினாலேயே கவனக்குறைவை ஒப்புக்கொண்டதாகாது என்று சொல்கிறது. மேலே உள்ள அறிக்கையில் மன்னிப்பு, காயத்தை நேராகப் பார்த்து நிற்கிறது. சரியா தவறா என்ற முடிவை ஆய்வுக்கு விட்டிருக்கிறது. “யாருக்கேனும் மனவருத்தம் ஏற்பட்டிருந்தால்” என்று தொடங்கும் மன்னிப்பைவிட இது எவ்வளவோ மேல். காயம் பட்டது எல்லாருக்கும் தெரியும்போது ‘இருந்தால்’ எதற்கு?

நம் ஊர் மருத்துவமனை, கல்லூரி, கூட்டுறவுச் சங்கம், நகராட்சி எதுவானாலும், புகார் கிளம்பியவுடன் வரும் அறிக்கைகளில் சில வரிகள் தவறாமல் இருக்கும். “உண்மைக்குப் புறம்பானது.” “நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம் விளைவிக்கும் நோக்கில் பரப்பப்படுகிறது.” “உரிய நடவடிக்கை எடுக்கப்படும்.” முதல் வரி, விசாரிக்கும் முன்பே தீர்ப்பு சொல்கிறது. இரண்டாவது, புகார் சொன்னவரின் மனத்துக்குள் புகுந்து நோக்கம் கண்டுபிடிக்கிறது. மூன்றாவதில் யார், என்ன, எப்போது என்ற மூன்றுமே இல்லை. அதற்குப் பதிலாக, “விடுதிச் சமையலறையை இன்று காலை மூடிவிட்டோம், உணவு மாதிரியை உணவுப் பாதுகாப்பு அலுவலர் எடுத்துச் சென்றிருக்கிறார், முடிவு வந்ததும் பெற்றோருக்குத் தெரிவிப்போம்” என்று எழுதினால் ஒவ்வொரு துண்டையும் ஒரு பெற்றோர் நேரில் வந்து பார்த்துக்கொள்ளலாம். அறிக்கை நம்பத்தக்கதா என்று கண்டுபிடிக்க வாசகருக்கும் இதுதான் வழி: அதில் எத்தனை வரிகளைச் சரிபார்க்க முடிகிறது என்று பார்க்கலாம்.

புகார் செய்தவரின் அந்தரங்கத்தையும் காக்க வேண்டும். 3411 சம்பவத்தில் அந்த மருத்துவரின் பழைய வாழ்க்கையைத் தோண்டிச் சில செய்திகள் வந்தன. அவருடைய கடந்தகாலத்துக்கும் அந்த இருக்கைக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நிறுவனத்திடம் ஒருவரின் நோய்க் குறிப்போ, மதிப்பெண்ணோ, கடன் பாக்கியோ இருக்கும். புகாருக்குப் பதில் சொல்லும் சாக்கில் அதை வெளியே விடுவது, முதல் காயத்தின் மேல் இரண்டாவது காயம். அறிக்கை வெளியாகும் முன்பே அது பாதிக்கப்பட்டவர் கைக்குப் போக வேண்டும் என்பேன். தன்னைப் பற்றி நிறுவனம் என்ன சொல்கிறது என்பதை அவர் தொலைக்காட்சியில் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாது.

ஊழியர்களுக்கு அனுப்பும் கடிதத்திலும் இதே செய்திதான் இருக்க வேண்டும். ஊழியர்களுக்கு ஆறுதல் தேவைதான், அவர்களும் கலங்கிப்போயிருப்பார்கள். “விசாரணை முடியும்வரை யார் மீதும் முடிவுக்கு வரமாட்டோம்” என்று உள்ளேயும் வெளியேயும் ஒரே குரலில் சொன்னால் அவர்களுக்கு அது பாதுகாப்பு. முனோஸின் கடிதம் பயணியைக் குறைசொல்லி ஊழியர்களைத் தாங்கப்பார்த்தது. கடிதம் வெளியானதும் அந்த ஊழியர்கள் மீதான கோபம்தான் கூடியது.

வாக்குறுதி தந்த தேதியை யுனைடெட் காப்பாற்றியது. ஏப்ரல் 27-ஆம் தேதி ஆய்வறிக்கை வெளிவந்தது. அதில் பத்து மாற்றங்கள். பாதுகாப்புக் காரணம் இருந்தால் தவிர காவலர்களை அழைப்பதில்லை. அதேபோல, அமர்ந்துவிட்டவரை அவர் விருப்பமின்றி இறக்குவதில்லை. பணிக்காகப் பயணம் செய்யும் ஊழியர்களுக்குப் புறப்பாட்டுக்கு 60 நிமிடம் முன்பே இடம் உறுதி செய்ய வேண்டும். இடம் விட்டுக்கொடுப்பவருக்கு 10,000 டாலர் வரை தரலாம். அந்த மருத்துவருடன் சமரசம் ஏற்பட்ட செய்தியும் அதே நாளில் வந்தது. இந்த ஆவணம் ஆட்களைவிட்டு நடைமுறைகளைப் பற்றிப் பேசியது. ஊழியர்கள் வந்து சேர்ந்த நேரமும், கடைசி நிமிடத்தில் முடிவெடுக்க அவர்களுக்கு இருந்த குறுகலான வழிகளும் அதில்தான் வெளிச்சத்துக்கு வந்தன.

முதல் அறிக்கையில் ஒரு தகவல் தவறிப்போனால், அதைச் சத்தமில்லாமல் மாற்றிவிடும் வழக்கத்தை விட வேண்டும். பழைய வரியையும் சரியான வரியையும் சேர்த்து, திருத்திய தேதியும் நேரமும் போட்டு வெளியிட வேண்டும்: “பயணிகளை இறக்கியதற்கு அதிக முன்பதிவே காரணம் என்று ஏப்ரல் 9 அன்று கூறியிருந்தோம். அது தவறு. எங்கள் ஊழியர்கள் நால்வருக்கு இடம் தேவைப்பட்டதே காரணம்.” இந்தத் திருத்தம் முதல் அறிக்கை யார் யாருக்குப் போனதோ அத்தனை செய்தியாளர்களுக்கும், முதலில் அந்தப் பயணிக்கும் போக வேண்டும்.