ஜன்னலோரத்து வத்தக்குழம்பு

வத்தக்குழம்பைப் படம் பிடிப்பது லேசான காரியம் இல்லை. சமையலறை டியூப்லைட்டுக்குக் கீழே அது வெறும் கறுப்பாகத்தான் தெரியும். அதே சட்டியை ஜன்னலோரம் வைத்தால் கருஞ்சிவப்பு நிறமும், மேலே மிதக்கும் நல்லெண்ணெயும் பார்ப்பவரை இழுக்கும்.

வெளிச்சம் பக்கவாட்டிலோ சற்றுப் பின்னாலிருந்தோ வரட்டும். ஆவி பறப்பது அப்போதுதான் தெரியும். வெயில் நேராக விழுந்தால் ஒரு வெள்ளை வேட்டியை ஜன்னலில் கட்டிவிடலாம். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மோகோல் அட்டையை நிறுத்தினால் நிழல் இளகும். டியூப்லைட்டை அணைத்துவிட வேண்டும். வெயிலும் அதுவும் கலந்தால் சோறு ஒரு பக்கம் மஞ்சளாகவும் மறு பக்கம் நீலமாகவும் தெரியும். போன் திரையில் சட்டியின் மீது விரலை அழுத்திப் பிடித்தால் பெரும்பாலான போன்களில் ஒளியளவு நிலைத்து நிற்கும். இல்லாவிட்டால் மூடியைத் திறக்கும்போதெல்லாம் படம் வெளுத்து இருளும்.

ஆனால் ஐப்பசி மழை யாரையும் கேட்டு வருவதில்லை. வாரம் ஒரு வீடியோ போடும் ஒரு வீட்டில், வெயில் நன்றாக அடிக்கும் சனிக்கிழமைகளில் இரண்டு சமையல் எடுக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒன்று அந்த வாரமே வெளியாகும். மற்றொன்று கையிருப்பில் சேரும். ஒரே மாதத்தில் நான்கு வீடியோ மிஞ்சும். அடைமழையோ காய்ச்சலோ வந்தாலும் வெள்ளிக்கிழமை வீடியோ தவறாது.

யூடியூபின் விளம்பர வருமானத்துக்கு 1,000 சந்தாதாரர்களும், 12 மாதத்தில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். ஷார்ட்ஸ் பகுதியில் ஓடும் நேரம் இந்தக் கணக்கில் சேராது. எட்டு நிமிட வீடியோவை ஒருவர் சராசரியாக நான்கு நிமிடம் பார்த்தால், மொத்தம் 60,000 பார்வைகள் தேவை. ஆண்டுக்கு 52 வீடியோ என்றால் ஒவ்வொன்றுக்கும் சுமார் 1,150.

விளம்பரப் பணத்தில் நீள வீடியோவுக்கு 55 சதவீதம் நம் பங்கு. அதையும் தாண்டிய வரவு ஸ்பான்சரிடமிருந்து வருகிறது. மசாலா கம்பெனி ஒன்று அழைத்தால், தொகையோடு இன்னும் சிலவற்றையும் எழுத்தில் வாங்கிவிட வேண்டும்: முன்பணம் எவ்வளவு, எத்தனை முறை திருத்தம் கேட்பார்கள், நம் வீடியோவை அவர்கள் எத்தனை மாதம் தங்கள் விளம்பரத்தில் ஓட்டலாம், அதுவரை வேறு மசாலாவை நாம் காட்டக் கூடாதா. பொடி பாக்கெட்டை மட்டும் கொடுத்துப் படம் கேட்பவர்களுக்கு நம் உழைப்பு இலவசம்தான். பணமோ பொருளோ வாங்கியிருந்தால், வீடியோவிலேயே சொல்லிவிட்டு, பதிவேற்றும்போது அதற்கான பெட்டியிலும் டிக் செய்ய வேண்டும்.

கையிருப்பின் அருமை இங்கேதான் புரியும். கம்பெனி திருத்தம் கேட்டு ஒரு வாரம் இழுத்தடித்தாலும், அந்த வெள்ளிக்கிழமைக்கு வத்தக்குழம்பு தயாராக இருக்கும். இருட்டிய பிறகு அவசரத்தில் டியூப்லைட்டைப் போட்டு எடுக்க வேண்டியிருக்காது.