ஐந்தாம் தேதித் தவணை

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர் டூவீலர் லோன் வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை 2,450 ரூபாய், கெடு 5ஆம் தேதி. 3ஆம் தேதி காலை கடன் நிறுவனத்தின் சாட்பாட் வாட்ஸ்அப்பில் நினைவூட்டுகிறது. அன்று இரவே ஜிபேயில் பணத்தைக் கட்டிவிட்டுத் தூங்கப் போகிறார். மறுநாள் காலை மறுபடியும் வருகிறது: ‘உங்கள் தவணை இன்னும் வரவில்லை.’ கட்டியவனிடமே கேட்கிறார்களே என்று அவருக்கு வரும் கோபத்துக்கு இணையாக வேறெதுவும் அந்த நிறுவனத்தின் பெயரைக் கெடுக்காது.

இதில் சாட்பாட்டின் அறிவுக்குறைவு ஒன்றுமில்லை. யார் யாருக்கு அனுப்புவது என்ற பட்டியலை முந்தைய நாள் மாலையே எடுத்து வைத்துவிடுகிறார்கள். இரவு கட்டிய பணம் கடன் கணக்கில் ஏற மறுநாள் ஆகிவிடுகிறது. ஆகவே பட்டியலை நம்பாமல், ஒவ்வொரு செய்தியையும் அனுப்பும் அந்த நொடியில் கணக்கைக் கேட்டுப் பார்க்க வேண்டும். பணம் நடுவழியில் இருந்தால் செய்தியை நிறுத்திவைக்க வேண்டும். அதையும் மீறித் தவறு நடக்கும். அதற்காகச் செய்தியின் கீழே ‘கட்டிவிட்டேன்’ என்று ஒரு பட்டன். அதை அழுத்தியவரிடம் ரசீது கேட்டு வாதாடாமல், இரண்டு நாள் பேசாமல் இருந்து கணக்கைச் சரிபார்ப்பதே முறை.

தானாகப் பணம் பிடிக்கச் சம்மதித்தவருக்குச் செய்தியே வேறு. கார்டு, யுபிஐ வழியாகத் தானாகப் பிடிப்பதென்றால் 24 மணி நேரம் முன்பே தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அவரிடம் ‘கட்டுங்கள்’ என்றால் கையாலும் ஒருமுறை கட்டிவிடுவார். ‘5ஆம் தேதி 2,450 ரூபாய் எடுக்கப்படும், கணக்கில் இருப்பு வைத்திருங்கள்’ என்றால் போதும்.

எப்போது அனுப்புவது? பனியன் கம்பெனிகளில் பலருக்குச் சனிக்கிழமை வாரக் கூலி. கெடு புதன்கிழமை வந்தால், செவ்வாயன்று நினைவூட்டுவதில் என்ன பயன்? அதற்குள் சம்பளம் மளிகைக்கும் வாடகைக்கும் போயிருக்கும். சனிக்கிழமை மாலை ஐந்தரைக்கு ஒன்று, கெடுவின் முந்தைய நாள் காலை ஒன்று. கெடுவுக்கு முன் இரண்டுக்கு மேல் வேண்டாம் என்பது என் கணக்கு. கெடு தாண்டிய கடனை வசூலிப்பவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் போன் செய்யக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 ஆகஸ்டில் சொன்னது. சாட்பாட்டும் அந்த நேரத்துக்குள் அடங்கியிருப்பது நல்லது.

தொனிக்கு வருவோம். ‘இன்றிரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும், உடனே இந்த எண்ணை அழையுங்கள்’ என்ற மோசடிச் செய்தி நம்மில் பலருக்கு வந்திருக்கிறது. அதைப் பார்த்துப் பழகியவர்கள் ‘இறுதி எச்சரிக்கை’, ‘உடனடியாக’ என்ற சொற்களைக் கண்டாலே திருட்டுச் செய்தி என்று ஒதுக்குகிறார்கள். மிரட்டுகிற நிஜ நிறுவனம் திருடனின் குரலில் பேசுகிறது, அவ்வளவுதான். இப்படி எழுதலாம்: ‘வணக்கம். 4471 என்று முடியும் கணக்குக்கு 5ஆம் தேதி 2,450 ரூபாய் செலுத்த வேண்டும். எங்கள் செயலியிலோ கிளையிலோ கட்டலாம்.’ லிங்க் இல்லை, ஆச்சரியக்குறி இல்லை. ‘கடன்’, ‘பாக்கி’ என்ற சொற்களும் இல்லை. பூட்டிய போன் திரையில் முதல் வரி தெரியும். அதை மனைவியோ மகனோ மேஸ்திரியோ படிக்கக் கூடும்.

வேண்டாம் என்பவரை விடுவிப்பதில்தான் நிறுவனங்கள் கஞ்சத்தனம் காட்டுகின்றன. STOP என்ற ஒரே சொல்லை மட்டும் புரிந்துகொள்ளும் சாட்பாட் தமிழ்நாட்டில் பாதிதான் வேலை செய்யும். ‘வேண்டாம்’, ‘நிறுத்து’, ‘venam’, ‘anupathinga’ என்று ஆளுக்கொரு விதமாக எழுதுவார்கள்; எல்லாமே பிடிபட வேண்டும். இன்னொன்று, புது லோன் விளம்பரத்தை மறுப்பதும் தவணை நினைவூட்டலை மறுப்பதும் ஒன்றல்ல. எதை நிறுத்த என்று ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். பதில் வராவிட்டால் இரண்டையும் நிறுத்திவிட்டு, ‘நிறுத்திவிட்டோம். தவணைத் தேதி மாறாது, 5ஆம் தேதிதான்’ என்று ஒருமுறை சொல்லிவிட வேண்டும். கெடு தெரியாமல் போய் அபராதம் விழுந்தால் அதுவும் சண்டைதான்.

விடாமல் அனுப்பினால் அவர் பிளாக் செய்வார். அப்படிப் பலர் செய்தால் வாட்ஸ்அப் அந்த நிறுவனத்தின் தர மதிப்பைக் குறைக்கும். வாடிக்கையாளர் கடைசியாக எழுதி 24 மணி நேரம் கடந்துவிட்டால், முன்கூட்டி ஒப்புதல் பெற்ற வார்ப்பில்தான் நிறுவனம் செய்தி அனுப்ப முடியும். மதிப்பு மிகவும் சரிந்தால் அந்த வார்ப்பையே முடக்கிவிடுவார்கள். அப்போது ஒழுங்காகக் கட்டுகிறவருக்கும் நினைவூட்டல் போகாது.

கெடு தாண்டி ஒரு வாரமாகியும் பதிலில்லை என்றால் சாட்பாட் ஒதுங்கிக்கொள்ள வேண்டும். வேலை போயிருக்கலாம், வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் இருக்கலாம். தவணையைப் பிரித்துக் கட்ட வழி சொல்லும் அதிகாரம் உள்ள ஒரு மனிதர்தான் அவரிடம் பேச வேண்டும்.