கட்டணமே இல்லை என்றால் லாபமா?

சிங்கப்பூரில் வேலை பார்ப்பவர்கள் ஊருக்குப் பணம் போட ஞாயிற்றுக்கிழமை தேக்கா பக்கம் போய் வரிசையில் நிற்பது பழைய வழக்கம். 2023 பிப்ரவரி 21 அன்று அங்குள்ள பேநவ், இங்குள்ள யுபிஐயோடு இணைக்கப்பட்டது. டிபிஎஸ் வங்கியில் கணக்கு இருந்தால், ஊரில் இருப்பவரின் யுபிஐ முகவரியைக் கொடுத்து கைப்பேசியிலேயே அனுப்பிவிடலாம். தொடங்கும்போதே பணம் பெறும் வங்கிகளில் இந்தியன் வங்கியும் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியும் இருந்தன.

வேகத்தில் இதைக் குறை சொல்ல முடியாது. இரவோ விடுமுறை நாளோ, வழக்கமாகச் சில நிமிடங்களுக்குள் பணம் ஊர்க் கணக்கில் ஏறிவிடும். ஆஸ்பத்திரிச் செலவு, கல்லூரிக் கட்டணத்தின் கடைசி நாள் போன்ற அவசரங்களுக்கு இதுதான் சரி.

ரேட்டைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். பணம் அனுப்பும் நிறுவனங்கள் இரண்டு இடத்தில் சம்பாதிக்கின்றன: கட்டணத்தில் ஒன்று, சந்தை ரேட்டுக்கும் நமக்குத் தரும் ரேட்டுக்கும் உள்ள வித்தியாசத்தில் இன்னொன்று. ஒரு பேச்சுக்கு, ஒரு கடை வெள்ளிக்கு 64.60 ரூபாய் தந்து 5 வெள்ளி கட்டணம் பிடிக்கிறது. ஒரு செயலி கட்டணம் வாங்காமல் 64.20 தருகிறது என்று வைத்துக்கொள்வோம். கையில் 200 வெள்ளி இருந்தால் கடை வழியாக வீட்டுக்குப் போவது 12,597 ரூபாய். செயலி வழியாக 12,840. அதே 1,000 வெள்ளி என்றால் கடையில் 64,277, செயலியில் 64,200. இந்தக் கணக்கில் சுமார் 808 வெள்ளியைத் தொடும்போது தராசு கடைப் பக்கம் சாய்கிறது. ஆகவே ரேட்டையும் கட்டணத்தையும் தனித்தனியாக விசாரிப்பதில் பயனில்லை. “என் கையிலிருந்து இத்தனை வெள்ளி போனால் வீட்டுக்கு எத்தனை ரூபாய் சேரும்?” என்று ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இடங்களில் கேளுங்கள். காலையில் ஓரிடம், மாலையில் ஓரிடம் என்று கேட்டால் அதற்குள் ரேட்டே மாறியிருக்கும்.

பேநவ் வழியாக ஒரு நாளைக்கு 1,000 வெள்ளி வரைதான் அனுப்ப முடியும். குடும்பச் செலவுக்கு அது போதும். நிலத்துக்கு முன்பணம் கொடுப்பவருக்குப் போதாது.

சிக்கல் வந்தால் யாரைப் பிடிப்பது? பணம் கழிந்தும் சேரவில்லை என்றால் முதலில் கேட்க வேண்டியது அனுப்பிய வங்கியை. ஊர்க் கிளையில் போய் நிற்கும் வீட்டாருக்கு, “எங்களுக்கு எதுவும் வரவில்லை” என்பதற்கு மேல் பதில் கிடைப்பது கடினம். பரிவர்த்தனை எண் இருக்கும் திரையைப் படம் பிடித்து வைத்திருந்தால் விசாரணை சீக்கிரம் நகரும். ஆனால் தவறான முகவரிக்குப் போன பணம் வேறு கதை. பெற்றவர் சம்மதிக்காமல் திரும்ப வாங்குவது பெரும்பாடு. அனுப்பும் முன் திரையில் பெறுபவரின் பெயர் தெரியும். அவசரத்திலும் அதை ஒருமுறை படித்துவிடுங்கள்.

சின்னத் தொகைக்கும் அவசரத்துக்கும் பேநவ். மாதச் சம்பளத்தில் பெரும்பங்கை அனுப்பும் நாளில் உரிமம் பெற்ற கடைகளிலும் கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.