அடிப் பெட்டி தாங்கும் பாரம்

குளிர்பான டிப்போவின் குடோனுக்குள் போனால், ஆள் உயரத்தைத் தாண்டி அடுக்கிய பிளாஸ்டிக் கிரேட்டுகள் வரிசை வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றிலும் 24 கண்ணாடி பாட்டில்கள். இத்தனை பாரத்துக்கு அடியில் இருக்கிற பாட்டில் நொறுங்காதா என்பதுதான் பார்க்கிறவர்கள் வழக்கமாகக் கேட்பது. சரியாக அடுக்கிய அடுக்கில் அந்தப் பாரம் பாட்டிலின் மேல் ஏறுவதே இல்லை. அது எதன் மேல் ஏறுகிறது என்று தெரிந்தால், அடுக்கு எப்போது சரியும் என்பதும் தெரிந்துவிடும்.

நிரம்பிய கிரேட் ஒன்று 20 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 300 மில்லி பாட்டில்கள் 24 கொண்ட கிரேட் ஏறக்குறைய அந்த எடைதான் வரும். பத்து கிரேட் உயரம் அடுக்கினால் அடியில் இருப்பது சுமப்பது தனக்கு மேலே உள்ள ஒன்பதை, அதாவது 180 கிலோவை. தரை மட்டும்தான் 200 கிலோவையும் தாங்குகிறது. பக்கத்து அடுக்கு ஒட்டி நின்றாலும் இந்தச் சுமையில் பங்கு வாங்காது. ஒவ்வொரு அடுக்கும் தனித் தூண்.

கிரேட்டின் சுவர் பாட்டிலின் மூடியைவிடச் சற்று உயரமாக இருக்கும். மேல் கிரேட்டின் அடிப்பாகம் கீழ் கிரேட்டின் விளிம்பில் பதிந்து உட்காரும். மூடிக்கும் மேல் கிரேட்டின் அடிக்கும் நடுவே சில மில்லிமீட்டர் இடைவெளி. 180 கிலோவும் விளிம்பு வழியாகச் சுவருக்கு வந்து, பெரும்பகுதி நான்கு மூலைகளில் இறங்குகிறது. சமமாக இறங்கினால் மூலைக்கு 45 கிலோ. உள்ளே இருக்கும் பாட்டில் தன் எடையோடு மட்டும் நிற்கிறது. அடுக்கு நிலைப்பதும் சரிவதும் அந்தச் சில மில்லிமீட்டர் இடைவெளி நிலைப்பதைப் பொறுத்தது.

கிரேட் செய்யும் பிளாஸ்டிக்குக்கு ஒரு குணம் உண்டு. பாரத்தை வைத்த நிமிடத்தில் கொஞ்சம் வளையும், அதோடு நிற்காது. அதே பாரம் நாள் கணக்கில், வாரக் கணக்கில் மேலே இருந்தால் மெல்ல மெல்ல வளைந்துகொண்டே போகும். சுவர்கள் வெளிப்பக்கம் வயிறு தள்ளும், மூலைகள் உயரம் குறையும். வெயில் இதை வேகப்படுத்தும். ஐம்பது டிகிரியைத் தாண்டும்போது இந்தப் பிளாஸ்டிக்கின் விறைப்பு, சாதாரண அறைச் சூட்டில் இருப்பதில் பாதியை ஒட்டிக் குறைந்துவிடும். மே மாதத்தில் தகரக் கூரைக்கு அடியிலோ வெட்டவெளியிலோ நிற்கும் அடுக்கு, மார்கழியில் நின்ற அதே அடுக்கு அல்ல. திறந்த வெளியில் வருஷக் கணக்காகக் கிடந்த கிரேட்டுகள் நிறம் வெளுத்து, விரலால் தேய்த்தால் மாவு போல ஒட்டும். அவை வளையாமல் விரிசல் விடும். அவற்றை அடியில் வைக்கவே கூடாது.

சோதனைக்கூடத்தில் ஒரு காலி கிரேட்டை இயந்திரத்தில் வைத்து மேலிருந்து அழுத்துகிறார்கள். கணக்குக்காக, அது 800 கிலோவில் மடங்கியது என்று கொள்வோம். 800ஐ 20ஆல் வகுத்தால் மேலே 40 கிரேட் வைக்கலாம் என்று வரும். அந்த விடை குடோனுக்கு உதவாது. சோதனை முடிவது சில நிமிடங்களில், குடோனில் பாரம் வாரக் கணக்கில் நிற்கிறது. அதற்காகப் பாதியைக் கழித்தால் 400. வெயிலுக்காக மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் ஏறக்குறைய 270. அடுக்கு எப்போதும் கொஞ்சம் சாய்ந்தே நிற்கும். அதற்கும் விட்டுக்கொடுத்தால் மிஞ்சுவது 230 கிலோ அளவு. மேலே பதினொன்று, அடியில் ஒன்று, மொத்தம் பன்னிரண்டு. 41 என்று தொடங்கிய கணக்கு பன்னிரண்டில் வந்து நிற்கிறது. அதுவும் சமதளத் தரையில், புதுக் கிரேட்டுக்கு. பத்தோடு நிறுத்துவதுதான் என் மனதுக்குச் சரியென்று படுகிறது. லாரியில் அதையும் குறைக்க வேண்டும். வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கும் கணத்தில் 180 கிலோ 360 ஆகவே ஆகலாம்.

சாய்வைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான அடுக்குகளை வீழ்த்துவது அதுதான். கிரேட்டின் அகலம் 30 சென்டிமீட்டர், உயரம் 27 என்று வைத்தால், அடிப் பெட்டிக்கு மேலே உள்ள ஒன்பதின் உயரம் ஏறக்குறைய இரண்டரை மீட்டர். உச்சி பத்து சென்டிமீட்டர் ஒரு பக்கம் தள்ளி நின்றால், பாரத்தின் மையம் ஐந்து சென்டிமீட்டர் நகர்கிறது. அப்போது சாய்ந்த பக்கச் சுவர் 120 கிலோ சுமக்கும், எதிர்ச்சுவர் 60தான். ஒன்றுக்கு இரண்டு! கூடுதல் பாரம் விழும் சுவர் கூடுதலாக அமுங்கும், அமுங்கினால் சாய்வு கூடும், சாய்வு கூடினால் அந்தச் சுவர் மேல் பாரம் இன்னும் கூடும். நேற்று வரை அசையாமல் நின்ற அடுக்கு இன்று யாரும் தொடாமலே விழுகிறதென்றால், இந்தச் சுழல் பல நாட்களாக நடந்துகொண்டிருந்தது என்று அர்த்தம். தொடங்கி வைப்பது பெரும்பாலும் தரை. தண்ணீர் வடிவதற்காக மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் சரிவு விட்ட தரையே மேலே உள்ள பாரத்தின் மையத்தை இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் நகர்த்திவிடும்.

இடைவெளி மூடிப்போனால் மேல் கிரேட்டின் அடி மூடிகளைத் தொடுகிறது. இருபத்து நான்கும் ஒரே நேரத்தில் தொட்டால் பாட்டிலுக்கு ஏழரை கிலோதான் வரும். ஆனால் பாட்டில்களின் உயரம் நூலிழை அளவு மாறும். மூன்று நான்கு பாட்டில்கள் மட்டும் முதலில் தொட்டு, ஒவ்வொன்றும் நாற்பது ஐம்பது கிலோவை ஏற்கும். அதையும் நல்ல பாட்டில் தாங்கும். நேர்செங்குத்தாக அழுத்தினால் கண்ணாடி பாட்டில் நூற்றுக்கணக்கான கிலோ தாங்கக்கூடியது. அதைச் சோதிப்பதற்கென்றே ஐஎஸ்ஓ 8113 என்ற முறை இருக்கிறது. ஆனால் அமுக்கத்தால் கண்ணாடி உடைவதில்லை, இழுப்பினால்தான் உடைகிறது. மேலிருந்து வரும் பாரம் பாட்டிலின் தோளில் திசை மாறும்போது அங்கே இழுப்பு பிறக்கிறது. திரும்பத் திரும்ப நிரப்பும் பாட்டிலை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். தோளிலும் அடியிலும் பனிமூட்டம் போன்ற வெள்ளை வளையம் தெரியும். ஒன்றோடொன்று உரசி உரசி விழுந்த நுண்கீறல்கள் அவை. இழுப்பு பிறக்கும் இடமும் கீறல் இருக்கும் இடமும் ஒன்றாகிவிடுகின்றன. பாட்டில் சற்றுச் சாய்ந்தும் நின்றுவிட்டால் உடைவதற்கு நூற்றுக்கணக்கான கிலோ தேவைப்படாது. உடையாத பாட்டிலிலும் மூடி நெளிந்து காற்று கசிந்துவிடும். வாங்குகிறவர் சப்பென்று இருக்கிறது என்பார், காரணம் யாருக்கும் தெரியாது.

இதையெல்லாம் கண்டுபிடிக்க இயந்திரம் வேண்டியதில்லை. அடியிலிருந்து இரண்டாவது கிரேட்டுக்கும் அதன் கீழே உள்ள மூடிகளுக்கும் நடுவே கைப்பிடி ஓட்டை வழியாக ஒரு மெல்லிய அட்டையை நுழைத்துப் பார்க்கலாம். தாராளமாக நுழைந்தால் நல்லது. உரசினால் உயரத்தைக் குறைக்க வேண்டும். சுவரின் மேல் நேரான பட்டையை வைத்தால் வயிறு தள்ளியிருப்பது தெரியும். உச்சிக் கிரேட்டிலிருந்து தூக்குக்குண்டு விட்டால் சாய்வு தெரியும்.

சாய்ந்த அடுக்கைக் கையால் தள்ளி நிமிர்த்தப் பார்ப்பது ஆபத்து. அமுங்கிய சுவர் உடனே எழாது. தள்ளிய வேகத்தில் அடுக்கு மறுபக்கம் போய்விடும். சாயும் பக்கத்தில் யாரும் நிற்காமல், ஏணி போட்டு உச்சியிலிருந்து ஒவ்வொன்றாக இறக்குவதுதான் முறை. இறக்கிய அடிக் கிரேட்டில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, அடுத்த முறை உச்சியில் வைக்க வேண்டும். பாரம் நீங்கிய பிளாஸ்டிக் நாளாக நாளாக ஓரளவு பழைய வடிவத்துக்குத் திரும்பும். திரும்பாமல் வயிறு தள்ளியே நிற்கிற கிரேட் காலி பாட்டில்களுக்கு மட்டும்தான் ஆகும்.