உதட்டைத் தைத்தாயிற்று, அடுத்த தேதி என்ன?

மேலுதடு பிளந்து குழந்தை பிறந்தால் பல வீடுகளில் முதலில் எழும் கேள்வி, "கிரகணத்தன்னிக்கு வெளிய வந்தியா?" என்பதுதான். கிரகணத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. கருவில் இரண்டு பக்கத்திலிருந்தும் வளர்ந்து வரும் உதட்டின் பகுதிகள் ஏறக்குறைய ஏழாவது வாரத்துக்குள்ளும், வாயின் மேற்கூரையான அண்ணம் பன்னிரண்டாவது வாரத்துக்குள்ளும் ஒட்டிச் சேர வேண்டும். சேராமல் நின்றுபோனால் பிளவு. தாயைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில் செலவாகும் நேரம் குழந்தையின் பாலுக்குப் போக வேண்டியது.

உதடு, ஈறு, அண்ணம் மூன்றும் பிளந்த ஒரு பெண் குழந்தையை எடுத்துக்கொள்வோம். அவள் மார்பில் வாய் வைக்கிறாள், தாடையை அசைக்கிறாள், பால் வருவதில்லை. உறிஞ்சுவதற்கு வாய் காற்றுப் புகாமல் அடைபட வேண்டும். இவளுக்குப் பிளவின் வழியே மூக்கிலிருந்து காற்று புகுந்துவிடுகிறது. ஒரு மணி நேரம் முயன்று களைத்துத் தூங்கிவிடுவாள். வயிறு நிறைந்துவிட்டது என்று வீட்டார் நினைப்பார்கள். தாய்ப்பாலைப் பீய்ச்சி எடுத்து, குழந்தையை ஏறக்குறைய நிமிர்த்தி உட்காரவைத்து, பாலாடையால் கன்னத்தின் உட்புறமாகச் சிறிது சிறிதாக விடுவதே வழி. மூக்கில் கொஞ்சம் பால் வந்தால் பயப்பட வேண்டாம். துடைத்துவிட்டு, சற்று நிறுத்தித் தொடரலாம். இருமினாலோ நீலம் பாரித்தாலோ உடனே நிறுத்தி மருத்துவரிடம் காட்ட வேண்டும். ஒரு வேளைப் பால் அரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். அதைத் தாண்டினால் குடிக்கும் உழைப்பிலேயே குடித்த பால் கரைகிறது. பாலூட்டல் சரியா என்பதைத் தராசு சொல்லும்: இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பி, பிறகு நாளுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும்.

எடை ஏறினால் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் உதட்டைத் தைப்பார்கள். முகம் அழகாகிவிடும். ஆபத்து தொடங்குவது இங்கேதான். வேலை முடிந்தது என்று நினைத்து அடுத்த தேதியைத் தவறவிடும் குடும்பங்கள் உண்டு. வாய்க்குள் இருக்கும் பிளவு யார் கண்ணிலும் படுவதில்லை.

அண்ணத்தை ஒன்பது மாதத்திலிருந்து ஒன்றரை வயதுக்குள், பேச்சு வேர்விடும் முன்பே மூடிவிட வேண்டும். தாமதமானால் "பாப்பா" என்பது "மாம்மா" ஆகும். "காக்கா"வின் ககரத்தைத் தொண்டையை இறுக்கிச் சொல்லப் பழகிவிடுவாள். அப்பழக்கம் படிந்துவிட்டால், அண்ணத்தை மூடிய பிறகும் தானாகப் போவதில்லை. மூடிய பின்னும் சில குழந்தைகளுக்குக் காற்று மூக்கில் கசியும். வீட்டிலேயே பார்க்கலாம்: மூக்குக்குக் கீழே சிறு கண்ணாடியைப் பிடித்து "தாத்தா", "பாப்பா" சொல்லச் சொல்லுங்கள். சொல்லும்போதே கண்ணாடி மங்கினால் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்ட வேண்டும். தவறிய பழக்கத்தைப் பயிற்சி மாற்றும். அண்ணம் எட்டாத இடைவெளியைப் பயிற்சியால் அடைக்க முடியாது, அதற்கு இன்னொரு அறுவை தேவைப்படலாம். செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்து காது மந்தமாவதும் இவர்களிடம் அதிகம். அதனால் காதையும் சோதிக்க வேண்டும்.

பல்லுக்கு வருவோம். முதல் பிறந்தநாளுக்குள் பல் மருத்துவர் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பிளவுக்குப் பக்கத்துப் பல் கோணலாகவோ எனாமல் குறைந்தோ முளைக்கும், சீக்கிரம் சொத்தையாகும். அசிங்கமாக இருக்கிறதே என்று அதைப் பிடுங்கச் சொல்லாதீர்கள். பல் இருக்கும்வரைதான் அதைச் சுற்றியுள்ள எலும்பும் நிற்கும். பிளவுக்குச் சிகிச்சை தரும் குழுவைக் கேட்காமல் எடுக்கக் கூடாது.

அதிகம் தவறவிடப்படும் தேதி எட்டு வயதிலிருந்து பதினொன்றுக்குள் வருகிறது. ஈற்றுப் பிளவில் எலும்பு இல்லை. மேலிருந்து இறங்கும் கோரைப்பல்லுக்குப் பிடிமானம் இல்லை. அது முளைக்கும் முன், தேவைப்பட்டால் மேல்தாடையைக் கம்பியால் விரித்துவிட்டு, இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து அங்கே நிரப்புவார்கள். அந்த எலும்பின் வழியாகவே பல் இறங்கி வரும். பல் வந்தபின் செய்தால் எலும்பு அவ்வளவு நன்றாகப் பிடிப்பதில்லை. பதின்வயதில் பல்வரிசைக்குக் கம்பி. மேல்தாடை பின்தங்கியிருந்தால் வளர்ச்சி முடிந்தபின் தாடை அறுவை. பிளவின் அருகே பிறவியிலேயே இல்லாத பல்லுக்கு இம்பிளான்ட் கடைசியில்தான்.

மத்திய அரசு 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் பட்டியலில் இந்தப் பிளவும் இருக்கிறது. பதினெட்டு வயதுவரை பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம். மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டுச் சேவை மையத்தில் குழந்தையைப் பதிவு செய்யுங்கள். தமிழ்நாட்டில் வழி தெரியாவிட்டால் 104-ஐ அழையுங்கள். உதட்டைத் தைத்து வீட்டுக்கு அனுப்பும் நாளில், அண்ணத்துக்கும் காதுக்கும் பல்லுக்கும் எப்போது வர வேண்டும் என்று கேட்டு, டிஸ்சார்ஜ் தாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.