14,625 ரூபாயில் தொடங்கும் 3 கோடி

வயது 35. அறுபதில் ஓய்வு பெறும்போது கையில் 3 கோடி ரூபாய் இருக்க வேண்டும். போடும் பணம் ஆண்டுக்கு 10% வளரும் என்று வைத்துக்கொள்வோம். 25 ஆண்டும் ஒரே தொகை கட்டுவதென்றால் மாதம் 24,325 ரூபாய் ஆகிறது. வீட்டுக்கடன் தவணையும் பள்ளிக் கட்டணமும் நெருக்கும் வயதில் இது பலருக்குக் கட்டுப்படியாகாது. ஆண்டுதோறும் 6% கூட்டிக் கட்டினால், முதல் ஆண்டில் மாதம் 14,625 ரூபாய் போதும்.

இந்த எண்ணைக் கால்குலேட்டரிலேயே போட்டுப் பார்க்கலாம். 1.10-ஐ 25 முறை பெருக்கினால் 10.835. 1.06-ஐ அப்படியே பெருக்கினால் 4.292. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 6.543. அதை வளர்ச்சிக்கும் உயர்வுக்கும் உள்ள இடைவெளியான 0.04-ஆல் வகுத்தால் 163.57 வரும். மாதம் ஒரு ரூபாய் போட்டால் ஆண்டு முடிவில் அது வளர்ச்சியோடு 12.54 ரூபாயாக நிற்கும். இரண்டையும் பெருக்கினால் 2,051. மூன்று கோடியை இதனால் வகுத்தால் நம் தொகை.

முதலில் குறைவாகக் கட்டுவதால் மொத்தத்தில் மிச்சம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரே தொகை முறையில் நம் கையிலிருந்து போவது ஏறக்குறைய 73 லட்சம். உயர்வு முறையில் 96 லட்சம். தாமதமாகப் போடும் பணத்துக்கு வளரக் காலம் குறைவு என்பதால், அந்தக் குறையை நாமே நிரப்புகிறோம். கடைசி ஆண்டில் மாதத் தவணை 59,216 ரூபாய் ஆகியிருக்கும். பெரிய தொகையாகத் தோன்றும். ஆனால் விலைவாசியும் ஆண்டுக்கு 6% ஏறினால், அது இன்றைய 14,625 ரூபாய்க்குத்தான் சமம். அதே கணக்கில் அந்த 3 கோடியும் இன்றைய 70 லட்சம்தான். இலக்கைத் தீர்மானிக்கும்போதே இதை மனத்தில் வைக்க வேண்டும்.

மியூச்சுவல் ஃபண்டில் எஸ்ஐபி போடுபவர்கள் டாப்-அப் விண்ணப்பத்தைக் கவனமாக நிரப்ப வேண்டும். தவணைக்கு உச்சவரம்பு வைக்கும் வசதி பல விண்ணப்பங்களில் உண்டு. "இப்போதைக்கு 25,000 போதும்" என்று எழுதிவிட்டால், பதினோராம் ஆண்டோடு உயர்வு நின்றுவிடும். அறுபதில் கிடைப்பது ஏறத்தாழ 2.53 கோடி. சதவீதத்துக்குப் பதில் ஆண்டுக்கு 877 ரூபாய் என்று நிலையான தொகையைக் குறித்தாலும் 2.61 கோடியில் நின்றுவிடும். முதல் உயர்வில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது என்பதுதான் சிக்கல்.

வளர்ச்சி 10% வரும் என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. 8% மட்டுமே வந்தால், 6% உயர்வை விடாமல் கட்டியவருக்கும் 2.32 கோடிதான் சேரும். அதனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, சேர்ந்திருக்கும் தொகையை வைத்து மீதி ஆண்டுகளுக்குப் புதிதாகக் கணக்குப் போட வேண்டும். உயர்வு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வங்கிப் பாஸ்புத்தகமே போதும்: பத்தாம் ஆண்டில் மாதந்தோறும் 24,709 ரூபாய் கழிந்திருக்க வேண்டும்.